வெளியில் வைக்கும் கன்ட்ரோலருக்கு எந்த ஐபி எண்: மழை, தூசி, பெட்டி, கனெக்டர் குறித்த கேள்விகளும் பதில்களும்

பெட்டியின் மேல் IP65, IP67 என்று பொறித்திருக்கிறதே, அந்த இரண்டு இலக்கங்களுக்கு என்ன பொருள்?

பெட்டிக்குள் திடப்பொருளும் தண்ணீரும் நுழைவதை எவ்வளவு தடுக்கும் என்று காட்ட, ஐஇசி 60529 என்ற பன்னாட்டுத் தரநிலை வகுத்த குறியீடு அது. முதல் இலக்கம் திடப்பொருள்கள் உள்ளே போவதைப் பற்றியது. 0 முதல் 6 வரை செல்லும். இரண்டாவது இலக்கம் தண்ணீரைப் பற்றியது; 0 முதல் 9 வரை செல்லும். இரண்டையும் சேர்த்து அறுபத்தைந்து என்று ஓர் எண்ணாகப் படிக்காமல், ஆறு, ஐந்து என்று தனித்தனியாகப் படிப்பதே சரி. IPX7 என்பதுபோல் ஓர் இலக்கத்தின் இடத்தில் X இருந்தால், அந்தப் பக்கம் மதிப்பீடு எதுவும் அறிவிக்கப்படவில்லை என்று பொருள். பாதுகாப்பு பூச்சியம் என்று பொருளல்ல.

வெளியில் வைக்கும் கருவிகளுக்குத் தேவைப்படுபவை சில இலக்கங்கள்தாம். தூசியில், 5 என்றால் கருவியின் இயக்கத்தைக் கெடுக்காத அளவு சிறிது தூசி நுழையலாம். 6 என்றால் தூசி நுழையவே கூடாது. தண்ணீரில், 4 என்பது எல்லாத் திசையிலிருந்தும் தெறிக்கும் நீர். 5 என்பது 6.3 மி.மீ. முனையிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வீதம் பீய்ச்சும் நீர். 6 என்பது 12.5 மி.மீ. முனையிலிருந்து நிமிடத்துக்கு 100 லிட்டர் வீதம் அடிக்கும் வலுவான பீய்ச்சல். 7 என்பது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கியிருத்தல். 8 என்பது அதைவிடக் கடுமையான மூழ்கல். ஆழத்தையும் நேரத்தையும் தயாரிப்பாளரே சொல்ல வேண்டும் என்பதால், அந்த விவரம் இல்லாமல் வெறும் 8 என்று மட்டும் போட்டிருந்தால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

எண் கூடக் கூடப் பாதுகாப்பும் கூடும்தானே? அப்படியானால் ஐபி 67 வாங்கிவிட்டால் மழையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் அல்லவா?

தண்ணீர் இலக்கத்தில் 6 வரை மட்டுமே அந்த ஏணி ஒழுங்காக ஏறுகிறது. 6 பெற்ற பெட்டி 5, 4, 3 ஆகியவற்றையும் தாங்கும் என்று கொள்ளலாம். 7-க்கும் 8-க்கும் அந்த விதி பொருந்தாது. அவை மூழ்கலுக்கான தனிச் சோதனைகள். அசையாத நீரில் மூழ்கும்போது நீரழுத்தமே மூடியை அதன் ஓரத்தை அடைக்கும் ரப்பர் பட்டையான கேஸ்கெட்டின் மேல் அழுத்திப் பிடிக்கும். பீய்ச்சும் நீர் அப்படியல்ல. மூடியின் ஓரத்தில் பக்கவாட்டில் மோதிக் கேஸ்கெட்டின் உதட்டைப் பெயர்க்கப் பார்க்கும். ஆகவே மூழ்கலில் தேறிய பெட்டி பீய்ச்சலில் தோற்பது நடக்கக்கூடியதே. இரண்டையும் தாங்குவதாகச் சோதிக்கப்பட்ட பெட்டியில் IP66/IP67 என்று இரண்டு குறியும் சேர்ந்தே இருக்கும்.

மழையோடு இந்தச் சோதனைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. மணிக்கு 100 மி.மீ. என்பது மிகக் கனமான மழை. அது நிமிடத்துக்கு 1.7 மி.மீ.தான். இரண்டாவது இலக்கம் 2-க்கான சோதனையிலேயே நிமிடத்துக்கு 3 மி.மீ. வீதம் சொட்டவிடுகிறார்கள். அளவில் மழை ஒன்றும் பெரிய எதிரியல்ல. காற்றோடு சாய்ந்து அடிப்பதும், நாட்கணக்கில் நீடிப்பதும், வெயிலில் காய்ந்த பெட்டியின் மேல் திடீரென்று விழுவதும்தான் அதன் பலம். சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். சோதனை நீரும் பெட்டியும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். இந்தக் கடைசி நிபந்தனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பதில் முழுவதும் அதைப் பற்றியதுதான்.

ஐபி 67 பெட்டிதான் வைத்தேன். அது எதிலும் மூழ்கவில்லை, மழையில் மட்டுமே நனைந்தது. ஆனாலும் உள்ளே அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. எப்படி?

பெட்டி மூச்சு விடுகிறது. இந்தத் தொழிலில் நான் பார்த்த நீர்ச் சேதங்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் இதுவே. பெட்டியின் மேல் இருந்த எண் அநேகமாக எல்லாவற்றிலும் உண்மையான எண்ணாகத்தான் இருந்தது.

கணக்கிட்டுப் பார்ப்போம். உள்ளளவு 200, 150, 100 மி.மீ. உள்ள பெட்டியின் கொள்ளளவு 3 லிட்டர். மின்சுற்றுப் பலகையும் உதிரிபாகங்களும் போக உள்ளே 2.5 லிட்டர் காற்று இருப்பதாகக் கொள்ளலாம். வெயிலும் கன்ட்ரோலரின் சொந்த வெப்பமும் சேர்ந்து அந்தக் காற்றை 55 பாகை செல்சியசுக்குக் கொண்டுபோகின்றன. சூடேறும் காற்று விரிவடைந்து, கேஸ்கெட்டின் ஓரம், கேபிளின் உட்புறம் போன்ற மிக நுண்ணிய வழிகளில் பல மணி நேரம் எடுத்துக்கொண்டு மெல்லக் கசிந்து வெளியேறும். பிற்பகலில் மழை கொட்டுகிறது. பத்து நிமிடத்தில் உள்ளே 25 பாகை. வெளியேற பல மணி நேரம் எடுத்துக்கொண்ட காற்று அதே வழியில் பத்து நிமிடத்தில் திரும்பி வர முடியாது. எனவே உள்ளே அழுத்தம் விழுகிறது:

```
(328 − 298) / 328 = 0.091
0.091 × 101.3 kPa ≈ 9.3 kPa ≈ 0.94 m நீர்
```

இங்கே 328-உம் 298-உம் கெல்வினில் சொன்ன அதே 55, 25 பாகைகள். காற்று சற்றும் திரும்ப முடியாத நிலையில், அந்தப் பெட்டி ஏறத்தாழ ஒரு மீட்டர் தண்ணீருக்கு அடியில் இருப்பதற்குச் சமமான உறிஞ்சல் அதனுள் உண்டாகிறது. அதாவது கம்பத்தில் உயரமாக மாட்டிய பெட்டி, ஒவ்வொரு கோடை மழைக்கும் ஐபி 67 சோதனைக்கு இணையான ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் மூடியின் விளிம்பிலோ, கேபிள் நுழையும் துளையை அடைக்கும் கிளாண்டின் கழுத்திலோ நீர்ப்படலம் ஒன்று நின்றால், உறிஞ்சப்படுவது காற்றல்ல, தண்ணீர். அழுத்தம் சமமாகும் வரை உள்ளே போகக்கூடிய அளவு 2.5 லிட்டரில் 9.1 சதவீதம், ஏறக்குறைய 230 மில்லி லிட்டர். ஒரே மழையில் அவ்வளவும் போய்விடாது. நாளுக்குச் சில துளிகளே போதும்.

வந்த தண்ணீர் ஏன் வெளியேறுவதில்லை என்றால், காற்று வெளியேறும் வழி பெரும்பாலும் மேலே இருக்கிறது, தண்ணீரோ அடியில் கிடக்கிறது. நல்ல கேஸ்கெட் உள்ள பெட்டி அந்த வகையில் மோசமான பெட்டியைவிடக் கெட்டது. ஒருமுறை நான் திறந்த பெட்டியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தெளிந்த நீர் நின்றது. கேஸ்கெட் புதிதாக இருந்தது. மூடித் திருகுகள் எல்லாம் இறுக்கமாகவே இருந்தன. மேல்பக்கத்தில் கேபிள் நுழைந்த ஒரே ஒரு கிளாண்டின் கழுத்தைச் சுற்றித்தான் பழைய நீர்க்கோடு தெரிந்தது.

கசிவா, பனித்துளியா என்பதைத் தடயத்தைப் பார்த்துப் பிரித்தறியலாம். பனித்துளியாக வந்த ஈரம் மூடியின் உட்புறம் முழுவதும் சீராகப் படிந்திருக்கும். காய்ந்த பின் கறை விடாது. வெளியிலிருந்து கசிந்த நீர் தூசியைச் சுமந்து வருவதால், வந்த வழியில் ஒரு மண்கோட்டை விட்டுச் செல்லும்.

அப்படியானால் அடியில் ஒரு சிறிய துளை போட்டுவிடலாமா, அல்லது வென்ட் என்று விற்கிறார்களே, அதை வாங்க வேண்டுமா?

3 மி.மீ. துளை ஒன்று நீரை வடியவிடும், அழுத்தத்தையும் சமப்படுத்தும், அது பொய்யல்ல. ஆனால் 2.5 மி.மீ. கம்பி அதன் வழியே உள்ளே போகும் என்பதால், பெட்டியின் முதல் இலக்கம் 6-லிருந்து 2-க்கு விழுந்துவிடும். தூசியும் எறும்பும் வரும் இடத்தில் இது கட்டுப்படியாகாது.

வென்ட் என்பது நுண்துளைச் சவ்வு பொருத்திய திருகு. சவ்வு நீரை ஒட்டவிடாத பொருளால் ஆனது. பெரும்பாலும் விரித்து நீட்டிய டெஃப்லான். காற்றும் நீராவியும் அதன் வழியே செல்லும். நீர்த்துளி தன் மேற்பரப்பு இழுவிசையால் வெளியிலேயே நின்றுவிடும். ஐபி 66, 67, 68 மதிப்பீட்டோடு இவை கிடைக்கின்றன. பெட்டியின் மதிப்பீட்டைக் குறைக்காமல் மூச்சுவிட வழி செய்வதே இவற்றின் வேலை.

எவ்வளவு காற்றோட்டம் தேவை என்பதையும் மேலே போட்ட கணக்கே சொல்லிவிடும். பத்து நிமிடத்தில் 230 மில்லி லிட்டர் என்றால் நிமிடத்துக்குச் சராசரி 23. குளிர்ச்சி தொடக்கத்தில் வேகமாக இருக்கும் என்பதால் இரட்டிப்பாக 46 என்று வைத்துக்கொள்வோம். வென்டின் காற்றோட்டத்தைப் பொதுவாக 7 கிலோ பாஸ்கல் அழுத்த வேறுபாட்டில் குறிப்பிடுவார்கள். நமக்கோ உறிஞ்சல் 1 கிலோ பாஸ்கலைத் தாண்டக் கூடாது. ஆகவே ஏழு மடங்கு, அதாவது அந்த அழுத்தத்தில் நிமிடத்துக்கு 320 மில்லி லிட்டருக்குக் குறையாத வென்ட் வேண்டும். அதைப் பக்கச் சுவரிலோ அடிப்பக்கத்திலோ பொருத்துங்கள். மேல்பக்கத்தில் பொருத்தினால் நீர் தேங்கிச் சவ்வை மூடிவிடும். எண்ணெயும் சோப்பும் சவ்வை நனையவைத்துவிடும் என்பதால், பெட்டியைச் சோப்பு நீரால் கழுவுகிறவர்களிடம் அதைச் சொல்லி வைப்பது நல்லது.

உள்ளே சிலிக்கா ஜெல் பை போட்டால் போதாதா?

மூச்சுவிடும் பெட்டியில் அது விரைவில் நிறைந்துவிடும். அதன் பிறகு வெயில் ஏறும்போதெல்லாம் பிடித்த ஈரத்தைத் திரும்பப் பெட்டிக்குள்ளேயே விடும். பெட்டியை மூடும் நாளில் உள்ளே இருந்த ஈரத்தை வாங்கிக்கொள்ள மட்டும் அது உதவும்.

தூசிக்கு 5 போதுமா, 6 வேண்டுமா?

6 வாங்குங்கள். சோதனையில் நுண்ணிய டால்கம் தூளைப் பெட்டியைச் சுற்றிப் பறக்கவிட்டு, 6-ஆம் நிலைக்குப் பெட்டிக்குள்ளிருந்து காற்றை உறிஞ்சியும் பார்க்கிறார்கள். அந்த உறிஞ்சல் அதிகபட்சம் 2 கிலோ பாஸ்கல். திறந்த வெளியில் உள்ள பெட்டி அதைவிட அதிகமாக உறிஞ்சக்கூடும் என்று பார்த்தோம். எனவே 5-ஆம் நிலைப் பெட்டி அனுமதிக்கும் ‘சிறிது தூசி’ வெளியில் சிறிதாகவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. தூசி தனியாக உள்ளே கிடந்தால் பெரிய கேடில்லை. அதில் உப்போ உரத்தூளோ கலந்து, இரவில் ஈரத்தை வாங்கிக்கொண்டால், பலகையில் அருகருகே உள்ள இரண்டு தடங்களுக்கு நடுவே மின்சாரம் கசியும் பாதையாகிவிடும்.

பெட்டி ஐபி 66, கேபிள் கிளாண்ட் ஐபி 68. இரண்டும் சேர்ந்தால் என்ன கணக்கு?

பெட்டியும் கிளாண்டும் இரண்டுமே தேறிய சோதனைதான் மொத்தத்தின் மதிப்பீடு; 68 மட்டும் போட்ட கிளாண்ட் பீய்ச்சலையும் தாங்கும் என்று கொள்ள முடியாது. அதுவும் கிளாண்டைச் சரியாகப் பொருத்தியிருந்தால்தான். வாங்கும்போது மூடியிருந்த பெட்டிக்குத்தான் 66. நீங்கள் துளையிட்ட கணத்திலிருந்து பொறுப்பு உங்களுடையது.

கிளாண்ட் தோற்பது பெரும்பாலும் மூன்று இடங்களில். முதலாவது, கேபிளின் வடிவம். கிளாண்டின் உள்ளே உள்ள ரப்பர் வளையம் உருண்டையான கேபிளைத்தான் சுற்றிலும் ஒரே அழுத்தத்தில் பிடிக்கும். தட்டையான இரட்டை வயரையோ, இரண்டு மெல்லிய கேபிள்களை ஒன்றாகச் சேர்த்தோ செருகினால் நடுவே உள்ள பள்ளம் நீருக்கு வாய்க்காலாகிவிடும். எம்20 கிளாண்ட் என்பது திருகின் அளவு மட்டுமே. அது பிடிக்கும் கேபிளின் விட்டம் தயாரிப்பைப் பொறுத்து மாறும். ஆகவே கேபிளின் வெளிவிட்டத்தை வெர்னியரால் அளந்து, அந்தப் பிடிமான எல்லையின் நடுப்பகுதியில் விழும்படி தேர்ந்தெடுங்கள். பல கேபிள்களை ஒரே இடத்தில் நுழைக்க வேண்டுமென்றால், பல துளைகள் கொண்ட ரப்பர் உள்ளீடு தனியாகக் கிடைக்கிறது.

இரண்டாவது, கிளாண்டுக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையே வரும் வாஷர். துளையிட்ட பிசிறை வழித்து எடுக்காவிட்டால் அந்த ரப்பர் வாஷர் படியாது. மூன்றாவதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை: கேபிளே ஒரு குழாய். மேலுறைக்கும் உள்வயர்களுக்கும் இடையில் உள்ள இடைவெளி வழியாக, கேபிளின் மறுமுனையில் வெட்டுப்பட்ட இடத்தில் நிற்கும் நீர் மீட்டர் கணக்கில் பயணம் செய்து பெட்டிக்குள் சொட்டும். பெட்டியின் உறிஞ்சல் அந்தப் பயணத்துக்குத் துணை செய்யும். கேபிளின் மேலுறை ஈரமில்லாமல், அதன் வாயில் மட்டும் துளி நின்றால் காரணம் இதுதான். உட்புறம் பசை பூசிய வெப்பச்சுருக்கக் குழாயை இரு முனைகளிலும் மேலுறை முடியும் இடத்தில் போட்டு அடைப்பதே தீர்வு.

கனெக்டரில் ஐபி 67 என்று போட்டிருக்கிறது. கழற்றி வைத்தாலும் மழையைத் தாங்குமா?

தாங்காது. அந்த எண் கனெக்டரின் ஆண், பெண் பகுதிகள் முழுமையாகப் பொருந்திப் பூட்டியிருக்கும் நிலைக்கு மட்டுமே. 12 மி.மீ. திருகு கொண்ட எம்12 கனெக்டரில் நீரைத் தடுப்பது ஓ-ரிங் என்ற சிறு ரப்பர் வளையம். கனெக்டரின் வெளித் திருகு வளையத்தை இறுக்கினால்தான் அந்த ஓ-ரிங் நசுங்கி அடைக்கும். கையால் இரண்டு சுற்று சுற்றிவிட்டு விட்டால் பின்கள் சேர்ந்து கருவி வேலை செய்யும். அடைப்பு மட்டும் இருக்காது. வேலை செய்வதால் யாரும் சந்தேகப்படுவதில்லை என்பதுதான் இதில் சங்கடம். தயாரிப்பாளர் சொல்லும் முறுக்கு விசைக்கு இறுக்க வேண்டும்; எம்12-க்கு 0.6 நியூட்டன் மீட்டர் பரவலாகக் காணப்படும் அளவு.

பயன்படுத்தாத துவாரத்துக்கும் அதே மதிப்பீடுள்ள மூடியைத் திருகி வையுங்கள். நேர்மின்சாரம் எப்போதும் இருக்கும் பின் ஈரத்தில் நின்றால், மின்பகுப்பால் நேர்முனைப் பின் மட்டும் அரிக்கப்பட்டுப் பச்சை படியும், எதிர்முனைப் பின் ஏறக்குறைய அப்படியே இருக்கும். பழுதான கனெக்டரில் இந்த வேறுபாடு தெரிந்தால், ஈரம் நுழைந்தபோது மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது என்று உறுதியாகச் சொல்லலாம்.

திறந்த வெளியில் கம்பத்தில் ஒரு பம்ப் கன்ட்ரோலர் வைக்கப் போகிறேன். மின்கேபிள், பம்புக்குப் போகும் கேபிள், நீர்மட்ட சென்சார், ஆன்டெனா என்று நான்கு இணைப்புகள். நீங்கள் என்ன வாங்குவீர்கள்?

புற ஊதாக் கதிரைத் தாங்கும் பாலிகார்பனேட்டில் வெளிர் நிறமான ஐபி 66 பெட்டி. வெயிலில் நிற்கும் பெட்டிக்குச் சாதாரண ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஏற்றதல்ல. அது நொறுங்கத் தொடங்கும், கேஸ்கெட் நன்றாக இருக்கும்போதே திருகுக் காதுகள் உடையும். ஐபி எண் புற ஊதாக் கதிர், துரு, உப்புக்காற்று ஆகியவற்றைப் பற்றி எதுவும் சொல்வதில்லை என்பதால் பொருளைத் தனியாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

நான்கு இணைப்புகளும் அடிப்பக்கத்திலிருந்தே வர வேண்டும். நுழையுமுன் ஒவ்வொரு கேபிளும் கிளாண்டுக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி மேலேறட்டும். கேபிள் வழியே ஓடிவரும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். ஆன்டெனாவை மேலே துளையிட்டுப் பொருத்தும் ஆசையை விட்டுவிட்டு, பிளாஸ்டிக் பெட்டி என்பதால் உள்ளேயே வைக்கவோ, கேபிளோடு அடிவழியாக வெளியே கொண்டுவரவோ செய்வேன். கம்பத்தில் மாட்டும் திருகுகள் கேஸ்கெட் வளையத்துக்கு வெளியே அமைந்த பெட்டியாகப் பார்ப்பேன். உள்ளிருந்து பின்சுவரைத் துளைத்து மாட்டினால் அந்தத் துளைகளும் கசிவு வழிகளே.

மேலே ஒரு தகட்டைப் பெட்டியிலிருந்து 25 மி.மீ. இடைவெளி விட்டு நிழலாகப் பொருத்துவேன். அது மழைக்காக அல்ல. 55 பாகையை 40 ஆக்கினால், அதே 25 பாகைக்குக் குளிரும்போது உண்டாகும் உறிஞ்சல் பாதியாகிவிடும். பக்கச் சுவரில் ஒரு வென்ட். ஐபி 67 கேட்க மாட்டேன். கம்பத்தின் அடியில் வெள்ளம் நிற்குமென்றால் பெட்டியை இன்னும் உயரத்தில் மாட்டுவேன்.

பொருத்திய பின் ஆய்வகம் இல்லாமல் நானே சோதிக்க முடியுமா?

சான்றிதழ் தரும் அளவுக்கு முடியாது. தவறைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு முடியும். மின்சாரத்தைத் துண்டித்து, பலகையை வெளியே எடுத்துவிட்டு, உள்ளே மூலைகளிலும் கிளாண்டுகளுக்கு அருகிலும் உலர்ந்த டிஷ்யூ காகிதத்தை ஒட்டி மூடுங்கள். குழாய் முனையின் விட்டம் ஆறு மி.மீ. அளவில் இருக்கட்டும், 10 லிட்டர் வாளி 48 விநாடியில் நிறையும்படி குழாயைத் திருகினால் அது நிமிடத்துக்கு 12.5 லிட்டர். இரண்டரை முதல் மூன்று மீட்டர் தூரத்திலிருந்து எல்லாப் பக்கமும் குறைந்தது மூன்று நிமிடம் அடியுங்கள். இதில் தேறினால், அதே பெட்டியை வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் காயவைத்துவிட்டுக் குளிர்ந்த நீரால் மறுபடி அடியுங்கள். தரநிலை கேட்காத இந்த இரண்டாவது சுற்றில்தான் பெரும்பாலான பெட்டிகள் பிடிபடுகின்றன.

திறக்கும் முன் மூடியின் ஓரத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, பெட்டியைச் சாய்க்காமல் மூடியை நேராகத் தூக்குங்கள். இல்லையென்றால் விளிம்பில் நின்ற துளி திறக்கும்போது உள்ளே விழும். தேறிய பெட்டியைத் தோற்றதாக எண்ணி நல்ல கேஸ்கெட்டை மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.